உயில் எழுதாமல் இறந்தவருக்கு யார் யார் வாரிசு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் முதல் சாவு, முதல் முறையாகத் தாலுகா ஆபீஸ் படி ஏறும் குடும்பம். அப்படிப்பட்டவர்களை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறேன். பொதுவாகச் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும் என்பதால் ஒரே குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். தமிழ்நாட்டில் ஓர் இந்துக் குடும்பம். 48 வயதில் கணவர் இறந்துவிட்டார். உயில் இல்லை. மனைவி, 20 வயது மகன், 15 வயது மகள் இருக்கிறார்கள். அவருடைய அம்மாவும் அப்பாவும் உயிரோடு இருக்கிறார்கள். ஓர் அக்கா, ஒரு தம்பி உண்டு. சொந்தச் சம்பாத்தியத்தில் அவர் பெயரில் வாங்கிய வீடு, பேங்கில் 8 லட்ச ரூபாய் டெபாசிட், ஓர் இன்சூரன்ஸ் பாலிசி: இவ்வளவுதான் சொத்து. கேள்விகள் பெரும்பாலும் மனைவி கேட்பவை.

அவர் சொத்துக்கு யார் யார் வாரிசு?

நீங்கள், உங்கள் மகன், உங்கள் மகள், உங்கள் மாமியார். இந்த நான்கு பேர்தான். ஆளுக்குக் கால் பங்கு.

இதைச் சொல்வது 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் முதலில் யாருக்கு என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. முதல் வகுப்பு வாரிசுகள் என்பார்கள். மனைவி, மகன், மகள், அம்மா ஆகியோர் அதில் வருகிறார்கள். அவருக்கு முன்பே இறந்துபோன மகன் இருந்தால் அந்த மகனின் மனைவியும் பிள்ளைகளும், இறந்துபோன மகள் இருந்தால் அந்த மகளின் பிள்ளைகளும், அந்தப் பிள்ளைக்கு உரிய ஒரு பங்கைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். முதல் வகுப்பில் ஒரே ஒருவர் உயிரோடு இருந்தாலும் இரண்டாம் வகுப்புக்குச் சொத்து போகாது.

மகனுக்கும் மகளுக்கும் சரிசமம். மகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தாலும், நகை போட்டு அனுப்பியிருந்தாலும், அவர் பங்கு குறையாது. அப்பா இறக்கும்போது வயிற்றில் இருந்த குழந்தை உயிரோடு பிறந்தால் அதுவும் வாரிசு. சட்டப்படி தத்தெடுத்த பிள்ளையும் வாரிசு. மனைவியின் முந்தைய திருமணத்தில் பிறந்த பிள்ளையை அவர் பாசமாக வளர்த்திருக்கலாம், ஆனால் தத்தெடுக்காதவரை அந்தப் பிள்ளை அவருக்கு வாரிசு ஆகாது.

மாமியாருக்கு எப்படிப் பங்கு வரும்? அவருக்கு இன்னொரு மகன் இருக்கிறாரே, மாமனாரும் இருக்கிறாரே?

குடும்பங்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான். சொத்து "கீழேதான் இறங்கும்", அதாவது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். மகனின் சொத்தில் அம்மாவுக்குச் சட்டம் தந்திருப்பது முதல் வரிசை உரிமை. அவருக்கு வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா, கணவர் இருக்கிறாரா, சொந்தமாகச் சொத்து இருக்கிறதா என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. மகன் இறந்த நாளில் அவர் உயிரோடு இருந்தாரா என்பது மட்டுமே கேள்வி. மகனுக்கு முந்தின நாள் அம்மா இறந்திருந்தால் பங்கு இல்லை. மறுநாள் இறந்தாலும் பங்கு உண்டு, அது அவருடைய வாரிசுகளுக்குப் போகும்.

அப்படியானால் மாமனாருக்கும் பங்கு உண்டுதானே?

இல்லை. அப்பா இரண்டாம் வகுப்பில் முதல் ஆள். மனைவியோ பிள்ளைகளோ அம்மாவோ யாருமே இல்லாதபோதுதான் அவர் முறை வரும். அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாம் அவருக்கும் பின்னால். மகனை இழந்த அப்பாவிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான். சொல்ல வேண்டிய கட்டம் வந்தால், வீட்டில் உட்கார்ந்து நீங்களே பொறுமையாகச் சொல்லிவிடுங்கள். தாலுகா ஆபீஸ் கவுண்டரில் யாரோ சொல்லி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இது அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்துக்கான கணக்கு. பாட்டன் வழி வந்து இன்னும் பிரிக்காத பூர்வீகச் சொத்தில் அவருக்கு எவ்வளவு பங்கு என்பதை முதலில் கணக்கிட்டு, அந்தப் பங்கைத்தான் இப்படிப் பிரிக்க வேண்டும். அந்த மாதிரி நிலம் இருந்தால் மூலப் பத்திரங்களோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

வாரிசுச் சான்றிதழ் எங்கே, எப்படி வாங்குவது?

முதலில் இறப்புச் சான்றிதழ். மருத்துவமனையில் இறந்திருந்தால் அவர்களே பதிவுக்குத் தகவல் அனுப்பிவிடுவார்கள். வீட்டில் இறந்திருந்தால் 21 நாட்களுக்குள் நீங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்ததும் அவருடைய பெயர், இன்ஷியல், அப்பா பெயர், முகவரி நான்கையும் ஆதாரோடும் வீட்டுப் பத்திரத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பத்திரத்தில் ஊர்ப்பெயர் சேர்த்து இரண்டு இன்ஷியல், ஆதாரில் ஒன்று, இறப்புச் சான்றிதழில் இன்ஷியலே இல்லை என்று மூன்று விதமாக இருப்பது சர்வ சாதாரணம். இப்போதே திருத்தினால் ஒரு விண்ணப்பத்தோடு முடிந்துவிடும். விட்டுவிட்டால் பேங்க், பட்டா, பத்திரப்பதிவு என ஒவ்வொரு இடத்திலும் "இருவரும் ஒருவரே" என்று பிரமாணப் பத்திரம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் இ-சேவை மையத்திலோ அரசின் இணையதளத்திலோ வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவர் வழக்கமாகக் குடியிருந்த ஊர் எந்தத் தாலுகாவில் இருக்கிறதோ அந்த வட்டாட்சியருக்குத்தான் விண்ணப்பம் போகும். இறப்புச் சான்றிதழ், அவருடைய ஆதார் அல்லது குடும்ப அட்டை, வாரிசுகள் எல்லோருடைய ஆதார், உறவைக் காட்டும் ஆவணங்கள் தேவை. பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழோ பள்ளி மாற்றுச் சான்றிதழோ போதும், அதில் அப்பா பெயர் இருக்கும். மாமியாருக்கும் அவருக்குமான உறவைக் காட்டத்தான் பல வீடுகளில் காகிதம் கிடைக்காது. பழைய குடும்ப அட்டை, அவருடைய பள்ளிச் சான்றிதழ், பழைய பாலிசி விண்ணப்பம் எதிலாவது அம்மா பெயர் இருக்கிறதா என்று தேடி வையுங்கள்.

விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடமும் வருவாய் ஆய்வாளரிடமும் விசாரணைக்குப் போகும். அவர்கள் வீட்டுக்கு வரலாம், அல்லது உங்களை அலுவலகத்துக்குக் கூப்பிடலாம். அவருக்கு எத்தனை திருமணம், எத்தனை பிள்ளைகள், இறந்துபோன பிள்ளைகள் உண்டா, அம்மா அப்பா இருக்கிறார்களா என்று கேட்பார்கள். அக்கம்பக்கத்தாரிடமும் விசாரித்து வாக்குமூலம் எழுதி வாங்குவார்கள். அதில் கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள், பெயர் எழுத்துப்பிழை அங்கேதான் நுழைகிறது. எல்லாம் சரியாக இருந்தால் வட்டாட்சியர் சான்றிதழ் தருவார். மறுத்துவிட்டால், அல்லது தப்பாகக் கொடுத்துவிட்டால், வருவாய் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

"வயசானவங்களை எதுக்கு அலைய வைக்கணும், அம்மா பேரைச் சேர்க்க வேண்டாம்"னு சொந்தக்காரர் ஒருத்தர் சொல்றார். விட்டுடலாமா?

விடாதீர்கள். உயிரோடு இருக்கும் வாரிசை இல்லை என்று சொல்வது பொய் வாக்குமூலம். பின்னால் யாராவது புகார் கொடுத்தால் சான்றிதழ் ரத்தாகும், அதை நம்பி நடந்த காரியங்களும் ஆட்டம் காணும். மாமியாரே மனம் ஒப்பி "என் பேர் வேண்டாம்மா" என்று சொன்னாலும் இதே பதில்தான். பெயர் சேர்ப்பது வேறு, பங்கை விட்டுக்கொடுப்பது வேறு. முதலில் பெயரைச் சேருங்கள். விட்டுக்கொடுக்க முறையான வழி ஒன்று இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

சான்றிதழில் பெயர் இருக்கும் எல்லோருக்கும் சமபங்கா?

சான்றிதழ் பங்கைப் பற்றிப் பேசுவதே இல்லை. இறந்தவருக்கு இன்னார் இன்ன உறவு என்று மட்டுமே அது சொல்கிறது. அதில் அப்பாவின் பெயர் இடம்பெற்றிருந்தாலும் அதனால் அவருக்குப் பங்கு வந்துவிடாது. அதேபோல, ஒரு மகளின் பெயர் விட்டுப்போயிருந்தாலும் அவருடைய பங்கு போய்விடாது. பங்கைத் தீர்மானிப்பது வாரிசுரிமைச் சட்டம். தகராறு வந்தால் முடிவு சொல்வது சிவில் நீதிமன்றம், வட்டாட்சியர் இல்லை.

பேங்க் டெபாசிட்டுக்கு நான்தான் நாமினி. 8 லட்சமும் எனக்குத்தானே?

உங்கள் கைக்கு வரும், ஆனால் முழுவதும் உங்களுடையது ஆகாது. யாரிடம் பணத்தைக் கொடுத்தால் பேங்கின் பொறுப்பு முடியும் என்பதற்காக வைத்திருக்கும் ஏற்பாடுதான் நாமினி. நாமினி என்பதாலேயே ஒருவர் அந்த டெபாசிட்டுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆக, பேங்க் உங்களுக்கு 8 லட்சம் கொடுக்கும். அதில் மகன், மகள், மாமியார் மூவருக்கும் தலா 2 லட்சம் உரிமை உண்டு. மகனோ மாமியாரோ பின்னால் கேட்டால் நீங்கள் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்சூரன்ஸ் கொஞ்சம் வேறு. 2015-ல் வந்த திருத்தத்தின்படி, பாலிசிதாரர் தன் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் இவர்களில் ஒருவரை நாமினியாகப் போட்டிருந்தால் அந்தப் பணத்தின் பலன் அவருக்கே உரியது. குடும்ப ஓய்வூதியமும் சொத்துக் கணக்கில் சேராது. அது அந்தந்த ஓய்வூதிய விதிப்படி, பெரும்பாலும் மனைவிக்கு வரும். அதனால் எல்லாப் பணத்தையும் ஒரே பட்டியலில் போட்டுப் பங்கு பிரிக்க உட்காராதீர்கள். வீடும் டெபாசிட்டும் ஒரு கணக்கு, இன்சூரன்ஸ் தனி, ஓய்வூதியம் தனி.

எங்க வீட்ல பேங்க் டெபாசிட்டுக்கு நாமினியே போடலை. "சக்சஷன் சர்டிபிகேட் கொண்டுவாங்க"ன்னு சொல்றாங்க. என்கிட்ட வாரிசுச் சான்றிதழ் இருக்கே?

இரண்டும் வேறு. வாரிசுச் சான்றிதழ் வட்டாட்சியர் தருவது. சக்சஷன் சர்டிபிகேட், அதாவது வாரிசுரிமைச் சான்று, 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி நீதிமன்றம் தருவது. டெபாசிட், பங்குப் பத்திரம், இறந்தவருக்கு வர வேண்டிய கடன் போன்றவற்றை வசூலிக்கத்தான் அது. வீடு நிலத்துக்கு அது பயன்படாது. மனு போட வேண்டும், நோட்டீஸ் கொடுக்க வேண்டும், தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். மாதக்கணக்கில் ஆகும்.

சின்னத் தொகைக்கு இது தேவையில்லை. ஒவ்வொரு பேங்கும் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அதற்குள் இருந்தால் வாரிசுச் சான்றிதழ், வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம், தேவைப்பட்டால் ஒரு ஜாமீன்தாரர் என்று முடித்துவிடலாம். கவுண்டரில் வாய்மொழியாகச் சொன்னதோடு திரும்பி வராமல், இறந்தவர் கணக்குக்கான கோரிக்கைப் படிவத்தை நிரப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் பல கிளைகள் தங்கள் வரம்பை மறுபடி எடுத்துப் பார்க்கும்.

மாமியார் தன் பங்கை எனக்கே விட்டுத்தரத் தயார். இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி வாங்கினால் போதுமா?

போதாது. வீட்டில் உள்ள பங்கை விட்டுக்கொடுப்பதென்றால் விடுதலைப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். யாருக்கு விடுகிறார், உங்களுக்கு மட்டுமா, பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்தா என்பது பத்திரத்தில் தெளிவாக இருக்க வேண்டும். இப்போது விட்டுக்கொடுக்க மனமில்லை, தன் காலத்துக்குப் பிறகு போகட்டும் என்று நினைத்தால் அவர் தன் கால் பங்குக்கு மட்டும் உயில் எழுதலாம். அதற்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவு கட்டாயம் இல்லை, ஆனாலும் செய்துவிடுவது நல்லது.

இதைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதை இதே குடும்பத்தை வைத்துப் பாருங்கள். இரண்டு வருடம் கழித்து மாமியார் எதுவும் எழுதாமல் இறந்துவிடுகிறார். அவருடைய கால் பங்கு தானாக உங்களிடம் வந்து சேராது. ஒரு பெண்ணின் சொத்து முதலில் அவருடைய பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போகும். முன்பே இறந்த பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையின் பிள்ளைகளுக்கும் உண்டு. எனவே அந்தக் கால் பங்கு நான்காகப் பிரியும்: மாமனாருக்கு ஒன்று, உங்கள் நாத்தனாருக்கு ஒன்று, கொழுந்தனாருக்கு ஒன்று, இறந்துபோன உங்கள் கணவரின் கிளைக்கு ஒன்று. ஒவ்வொன்றும் மொத்த வீட்டில் பதினாறில் ஒரு பங்கு. கணவரின் கிளைக்கு வரும் பங்கை உங்கள் மகனும் மகளும் சரிபாதியாக எடுத்துக்கொள்வார்கள். மருமகளான உங்களுக்கு மாமியார் சொத்தில் ஒன்றும் வராது.

நான்கு பேருக்கு இருந்த வீட்டுக்கு இப்போது ஆறு உரிமையாளர்கள். மகனிடமிருந்து பங்கு பெறாத அப்பாவும் மனைவி வழியாக உள்ளே வந்துவிட்டார். பெரும்பாலான குடும்பங்களுக்கு இது அன்று தெரிவதில்லை. பல வருடம் கழித்து மகன் அந்த வீட்டை அடமானம் வைத்துக் கடன் கேட்பார். பேங்க் வழக்கறிஞர் வாரிசுச் சான்றிதழைப் பார்த்து, "இதில் இருக்கும் தாயார் எங்கே? அவருடைய வாரிசுச் சான்றிதழ் எங்கே?" என்று கேட்பார். அதற்குள் நாத்தனார் வெளியூரில் இருப்பார், கொழுந்தனாரோடு பேச்சுவார்த்தை இருக்காது. இந்த நிலைமை வராமல் தடுக்க, மாமியார் தெளிவோடும் முழு மனதோடும் இருக்கும்போது ஒரு பத்திரம் போதும்.

ஆனால் ஒன்று, காரியம் முடிந்த கையோடு அவரைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள். மகனைப் பறிகொடுத்தவர் அவர். அவருக்கு ஜீவனத்துக்கு வேறு வழி இருக்கிறதா, பங்கை விட்டபிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைப் பேசி முடித்த பிறகே கையெழுத்து. நீங்களும் அப்படித்தான். முதல் சில மாதங்களில் யார் எந்தப் பத்திரத்தை நீட்டினாலும், வெளியாள் ஒருவரிடம் காட்டிப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மகளுக்கு 15 வயதுதான். வீட்டை விற்கணும்னா அவளுக்காக நான் கையெழுத்துப் போடலாமா?

நீங்கள் அவளுடைய இயற்கைக் காப்பாளர், சரி. ஆனாலும் மைனருடைய பங்கை விற்கவோ அடமானம் வைக்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் விற்றால், அவள் 18 வயது முடிந்த பிறகு அந்த விற்பனையை எதிர்த்து வழக்குப் போட முடியும். அதனால்தான் விவரமறிந்த யாரும் அப்படி வாங்க மாட்டார்கள். அவசரம் இல்லையென்றால் மூன்று வருடம் பொறுப்பது எளிது. பட்டாவை நான்கு பேர் பெயரிலும் கூட்டாக மாற்றிக்கொள்ள இந்த அனுமதி வேண்டாம். அதை இப்போதே செய்துவிடுங்கள்.

அவர் வாங்கிய கடனை நாங்கள் கட்ட வேண்டுமா?

அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு மட்டும். நீங்கள் கடனில் கூட்டாகவோ ஜாமீனாகவோ கையெழுத்திட்டிருந்தால்தான் உங்கள் சொந்தப் பணத்துக்குப் பொறுப்பு வரும். கையெழுத்து இருக்கிறதா என்று ஒப்பந்த நகலைக் கேட்டுப் பார்த்த பிறகு பேசுங்கள்.

இறந்தது மனைவியாக இருந்தால்?

பட்டியலே மாறிவிடும். பிள்ளைகளும் கணவரும் சமமாக எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பெண்ணைப் பெற்ற அம்மாவுக்கு அந்த வரிசையில் இடமில்லை. பிள்ளைகள் இல்லாவிட்டால் கணவருக்கு, அவரும் இல்லாவிட்டால் கணவரின் வாரிசுகளுக்கு. பெண்ணைப் பெற்றவர்கள் அதற்கும் பின்னால்தான். அவள் உழைத்துச் சம்பாதித்ததற்கும் இதே வரிசைதான் என்பது எனக்கு நியாயமாகவே படவில்லை. ஒரு முக்கியமான விலக்கு, அம்மா அப்பாவிடமிருந்து வாரிசாக அவளுக்கு வந்த சொத்து. பிள்ளைகள் இல்லையென்றால் அது அவளுடைய அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பிப் போகும். அப்பா உயிரோடு இருக்கும்போது தானமாக எழுதிக் கொடுத்திருந்தால் இந்த விலக்குப் பொருந்தாது. பிள்ளைகள் இல்லாத பெண்கள் கட்டாயம் உயில் எழுத வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். இதே கணக்குதானா?

இல்லை. உங்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். இதே குடும்பம் கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு மகனுக்கும் மகளுக்கும் சமமாக. பிள்ளைகள் இருப்பதால் அம்மாவுக்குப் பங்கு இல்லை. முஸ்லிம் குடும்பமாக இருந்தால் ஷரீஅத் கணக்கு. பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒன்று, அம்மாவுக்கு ஆறில் ஒன்று, அப்பாவுக்கும் ஆறில் ஒன்று, மீதியில் மகனுக்கு மகளைப் போல இரண்டு மடங்கு. வாரிசுச் சான்றிதழ் வாங்கும் இடமும் முறையும் எல்லோருக்கும் ஒன்றுதான். பங்குக் கணக்குத்தான் மாறும்.